ஸ்மூத்தனிங்கிலிருந்து சொந்தச் சுருளுக்கு: சந்தியும் வெட்டும்

திருத்தணியில் பார்லர் வைத்திருக்கிறேன். நகரி, புத்தூர், சித்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பாதிப்பேர். பாதித் தமிழ், பாதித் தெலுங்கில் பேச்சு நடக்கும், கேள்விகள் மட்டும் எப்போதும் ஒன்றுதான். வருடக்கணக்கில் முடியை நேராக்கிவிட்டு, இப்போது பிறவிச் சுருட்டைக்குத் திரும்ப நினைப்பவர்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அக்கா, ஆறு வருஷமா ஸ்மூத்தனிங். நேராக்கின முடியையே மறுபடி சுருட்ட ஏதாவது மருந்து இருக்கா?

இல்லை. முடிக்குள் இருக்கிற கெரட்டின் புரதத்தைக் கந்தகப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. சுருள் எங்கே வளைய வேண்டும் என்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பார்லரில் முதலில் பூசுகிற கிரீம் அவற்றைப் பிரிக்கிறது. அலசி, உலர்த்தி, அயர்ன் வைத்து நேராக்கிய பிறகு பூசுகிற இரண்டாவது கிரீம், அந்த நேரான நிலையிலேயே அவற்றை மறுபடி பூட்டிவிடுகிறது. முடித்தண்டு உயிரில்லாத பொருள். தானாக ஆறாது, பழைய பூட்டுக்குத் திரும்பாது. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு உண்டு, முடிக்கு அப்படி ஒரு கட்டு கிடையாது.

"அதையே பெர்ம் செய்து சுருட்டிவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் அதே பிணைப்புகளை இன்னொரு முறை உடைக்கிற வேலை. ஏற்கெனவே இரண்டு மூன்று முறை உடைபட்ட முடி அதைத் தாங்காமல் கையோடு வந்துவிடும்.

நல்ல செய்தி, முடி முளைக்கிற வேர்ப்பைக்கு இந்தக் கிரீம் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. சுருளைத் தீர்மானிப்பது அந்தப் பையின் வடிவம்தான். ஆகவே புதிதாக வருவது உங்கள் முடியாகத்தான் வரும், மாதத்துக்கு சுமார் 1 செ.மீ., கொஞ்சம் கூடவோ குறையவோ. பழையதை வெட்டித்தான் ஆக வேண்டும். எப்போது, எப்படி வெட்டுவது என்பதில்தான் நமக்கு வேலை.

எனக்குப் பண்ணினது கெரட்டினா ஸ்மூத்தனிங்கான்னே தெரியல. பில்லுல வெறும் "ஹேர் ட்ரீட்மென்ட்"னு இருக்கு.

எத்தனை கிரீம் பூசினார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். முதல் கிரீம், நடுவில் அலசல், அயர்ன், பிறகு இன்னொரு கிரீம் என்றால் அது நிரந்தர வகை. ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெய்ட்டனிங், ரீபாண்டிங் என்று பெயர் எதுவானாலும் சரி. முதல் கிரீமில் அம்மோனியாவும் அழுகிய முட்டையும் கலந்த மாதிரி ஒரு நெடி வரும். ஒரே திரவத்தைப் பூசி, காயவைத்து, அயர்ன் போடும்போது புகை வந்து கண் எரிந்தது என்றால் அது கெரட்டின் வகையாக இருக்கலாம்.

கெரட்டின் மேலே பூசிய பூச்சு மாதிரி. நாலைந்து மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போகும், முடியின் முழு நீளத்திலும் வளைவு திரும்பும். அதிகச் சூட்டில் பலமுறை செய்தவர்களுக்குச் சுருள் முழுதாகத் திரும்பாமல் தளர்ந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே பார்க்கலாம். செய்து ஐந்து மாதமாவது ஆனபின், ஷாம்பு போட்டு அலசி, சீப்பே படாமல், கண்டிஷனரும் எண்ணெயும் இல்லாமல் ஒரு கொத்தைத் தானாகக் காய விடுங்கள். நுனிவரை லேசான அலை தெரிந்தால் பொறுத்திருந்தால் போதும். வேரில் மட்டும் சுருண்டு, ஓரிடத்துக்குக் கீழே சட்டென்று ஈர்க்குச்சி மாதிரி நேராகிவிட்டால் நிரந்தர வகை, அடுத்த கேள்விகள் உங்களுக்குத்தான்.

ஸ்மூத்தனிங்கை விட்டு நாலு மாசம் ஆச்சு. சீப்பு முழுக்க முடி. இது கொட்டுதா, உடையுதா?

கீழே விழுந்த முடிகளை எடுத்து வெள்ளைத் துணியில் போட்டுப் பாருங்கள். முழு நீளமாக இருந்து, ஒரு முனையில் குண்டூசித் தலையை விடச் சிறியதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது உதிர்ந்த முடி. நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உண்டு. அதைவிட நிறையப் போனாலோ, பிரசவம், காய்ச்சல் முடிந்து சில மாதத்தில் கொத்தாகப் போனாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும், வெட்டினால் அது நிற்காது.

துண்டு துண்டாக இருந்து எந்த முனையிலும் குமிழ் இல்லை என்றால் உடைகிறது. பெரும்பாலும் உடைகிற இடம் ஒன்றே. புதுச் சுருளும் பழைய நேர்முடியும் சேருகிற இடம். நான் அதைச் சந்தி என்பேன். எங்கள் ஊர்ப் பக்கம் எல்லைதாண்டிய அடியிலேயே பெயர்ப்பலகையின் எழுத்து மாறுமே, அப்படி ஒரே இழையில் குணம் மாறுகிற இடம் அது. மேலே வலுவான முடி, கீழே வலுவிழந்த முடி. சீப்பு இழுக்கிற இழுப்பு முழுவதும் அங்கே போய்த்தான் முட்டும்.

அடிக்கடி டச்சப் எடுத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறையும் புது வேருக்கு மட்டும் கிரீம் படவேண்டும். அவசரத்தில் பழைய முடியிலும் ஓரிரு விரல் அகலம் வழிந்திருக்கும். அப்படி வழிந்த இடங்கள் இரண்டு முறை வெந்தவை. முடியை நனைத்து, ஒரு இழையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல முடி சற்று நீண்டு திரும்பிவிடும். சூயிங்கம் மாதிரி நீண்டு, திரும்பாமல் நின்றுவிட்டாலோ அறுந்தாலோ அந்த இடத்தைக் காப்பாற்ற வழியில்லை. வெட்டும்போது முதலில் போக வேண்டியது அதுதான்.

ஒரேயடியா பாப் வெட்டிக்க தைரியம் இல்ல. இடுப்பு வரை இருக்கு. எந்த வெட்டு உதவும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடப்பது இங்கேதான். "கொஞ்சம் நுனி மட்டும்" என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரே மட்டமாக நுனி வெட்டினால் கனம் அப்படியே இருக்கும். அந்தக் கனம் மேலே உள்ள புதுச் சுருளை இழுத்துத் தட்டையாக்கும், சந்தியும் தலையைச் சுற்றி ஒரே உயரத்தில் மோதிரம் மாதிரி தெரியும்.

அதனால் நான் லேயர்தான் சொல்வேன். மேல் அடுக்கில் நேர்முடி குறைந்தால் கனம் குறைகிறது, சுருள் எழுகிறது. முகத்தைச் சுற்றியுள்ள முடி சீக்கிரம் விடுதலையாகிறது. கீழ் அடுக்கு நீளமாக இருப்பதால் பின்னலும் போகாது. ஆனால் ஒரு கணக்கை விடக்கூடாது. சுருள் முடியின் கீழே மூன்று நான்கு செ.மீ. நேர்முடி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது துடைப்பக் குச்சி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஏழெட்டு செ.மீ. இருந்தால்தான் தன் கனத்தில் தொங்கும். ஆகவே வாலை நீளமாக விடுங்கள், இல்லை முழுதாக எடுங்கள். நடுவில் நிற்காதீர்கள். இருப்பதிலேயே குட்டையான அடுக்குக்கும் இதே விதிதான். புது முடி நான்கு செ.மீ. என்றால் அந்த அடுக்கின் மொத்த நீளம் பன்னிரண்டுக்குக் கீழே போகக்கூடாது.

நகரியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கணக்கைச் சொல்கிறேன். வயது 27. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து டச்சப். என்னிடம் வந்தபோது மொத்தம் 60 செ.மீ., அதில் வேரில் மூன்றரை செ.மீ. மட்டும் புதிது. கீழ்ப்பாதி நனைந்தால் சூயிங்கம். முதல் நாளே 20 செ.மீ. எடுத்தேன், அழுதுகொண்டேதான் சம்மதித்தாள். 40 மிச்சம். அதில் தாடைக்குக் கீழே தொடங்கும் நீண்ட லேயர்.

பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள், 4 செ.மீ. எடுப்பேன். அதற்குள் 2.4 செ.மீ. வளர்ந்திருக்கும். அதாவது ஒவ்வொரு வருகைக்கும் நீளம் ஒன்றரை செ.மீ.தான் குறையும், கண்ணாடியில் அது பெரிதாகத் தெரியாது. ஒரு வருடத்தில் ஆறு முறை. மொத்த நீளம் சுமார் 30, அதில் 18 புதுச் சுருள், 12 பழையது. அந்தப் பன்னிரண்டும் தொங்குகிற வாலாகவே இருந்ததால் நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஏழாவது வருகையில் அதை மொத்தமாக எடுத்துவிட்டோம். இழுத்துப் பிடித்தால் சுமார் 20 செ.மீ., விட்டால் சுருண்டு காதுக்கு ஏறிவிட்டது. வெட்டுவதற்கு முன்பே ஈரமான ஒரு கொத்தை விட்டுக்காட்டி, "இவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அதனால் அன்றைக்கு அழுகை இல்லை.

ஒருவருடம் பொறுக்க முடியாதவர்கள் ஏழெட்டு செ.மீ. வளர்ந்ததும் தோளுக்கு மேல் ஒரு வெட்டு போட்டு, இன்னும் நான்கு மாதம் கழித்து மிச்சத்தை எடுக்கலாம். என்னைக் கேட்டால் இடுப்புக்கும் காதுக்கும் நடுவே நிற்கிற இந்த நிலை யாருக்கும் பிடிப்பதில்லை. அதைச் சுருக்கமாக முடிப்பது நல்லது.

பார்லர்ல முடியை நனைச்சுத்தான் வெட்டுவோம்னு சொல்றாங்க. காயவச்சு வெட்டணுமா?

சுருளும் நேர்முடியும் கலந்திருக்கும்போது காய்ந்த நிலையில்தான் வெட்ட வேண்டும். நனைந்தால் சுருள் நீண்டுவிடும், ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு அளவில். உச்சியில் அதிகம் சுருங்கும், பிடரியில் குறைவு, அல்லது நேர்மாறாக. ஒருமுறை நானே ஈரத்தில் மட்டம் பார்த்து வெட்டி, காய்ந்ததும் இடப்பக்கம் இரண்டு விரல் மேலே ஏறிப்போன கதை உண்டு. அந்தப் பெண் கோபிக்கவில்லை, நான்தான் இன்னும் மறக்கவில்லை.

சந்தியைக் கண்டுபிடிக்க மட்டும் நனைக்கலாம். சீப்பு போடாமல் கையால் பிழிந்தால் சுருள் முடிகிற இடம் கண்ணுக்கே தெரியும். அங்கங்கே கிளிப் போட்டு, பிறகு காயவைத்து, கொத்து கொத்தாக வெட்டலாம். கடைசி வெட்டில் சந்திக்கு சற்று மேலேயே கத்தரி வைக்க வேண்டும், இல்லையென்றால் நுனியில் நேரான குச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். பார்லரில் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்: "பல் கத்தரி வேண்டாம், ரேசர் வேண்டாம்." முடியை மெலிதாக்க அவற்றைப் போட்டால் சந்தியில் பாதி இழைகள் குட்டையாகிச் சுருள் கலைந்துவிடும்.

திருமலைக்கு மொட்டை வேண்டியிருக்கேன். அத்தை "பொம்பளைக்கு மூணு கத்திரி போதும்"ங்கறாங்க. எது நல்லது?

வேண்டுதலுக்கு எது போதும் என்பது உங்கள் வீட்டார் சொல்ல வேண்டியது. முடியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

இந்தப் பக்கம் பெண்கள் முழு மொட்டை போடாமல் மூன்று இடத்தில் கத்தரித்துக் கொடுப்பதும் உண்டு, நாம் பூமுடி என்போம். அதோடு சுருள் திரும்பாது, நுனியில் சின்னதாக மேடுபள்ளம்தான் மிஞ்சும். அதைச் சமன் செய்கிற சாக்கில் லேயருக்கு ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம். பலரும் அப்படித்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள். திருத்தணி மலையிலேயே மொட்டை போட்டுவிட்டு நேராக என் கடை வாசலில் வந்து நிற்பவர்களும் உண்டு, எண்ணெய் கேட்க.

மொட்டை என்பது எல்லா வெட்டிலும் எளிதானது. சந்தியே இல்லை. 12 மாதத்தில் 12 முதல் 15 செ.மீ. சுத்தமான சொந்த முடி. மொட்டைக்குப் பிறகு முடி அடர்த்தியாக வரும் என்பது மட்டும் நம்பிக்கை. வெட்டுப்பட்ட நுனி மொண்ணையாக இருப்பதால் தடித்த மாதிரி தோன்றும், வேர்ப்பையின் எண்ணிக்கை கூடுவதில்லை. வேண்டுதலுக்காகக் கத்தரி படாமல் வளர்க்கிறவர்கள் அந்த நாள் வரை வெட்டை நிறுத்திவைத்து, சந்தியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

மாசி மாசம் தங்கச்சி கல்யாணம். பின்னல் போட்டு பூ வைக்கணுமே, சுருளும் நேருமா இருந்தா?

சவுரி வையுங்கள். ஆனால் எங்கே கட்டுகிறீர்கள் என்பதுதான் விஷயம். சொந்தப் பின்னலின் நடுவிலிருந்து சவுரியைச் சேர்த்தால் அதன் கனமும் மல்லிகைப்பூவின் கனமும் சந்தியில் தொங்கும். பிடரியில் சின்னக் கொண்டை போட்டு, அந்தக் கொண்டையில் சவுரியின் கயிற்றைச் சுற்றிப் பின் குத்தினால் கனம் முழுத் தலைக்கும் பரவும். இறுக்கிக் கட்டாதீர்கள். காதோரம் வலித்தால் இறுக்கம் அதிகம் என்று பொருள்.

தெரிகிற முன்பக்கத்துக்கு அயர்ன் வேண்டாம். நேர்முடியைச் சுருளோடு ஒத்துப்போக வைப்பது எளிது. முந்தின இரவு, முக்கால் காய்ந்த முடியை ஆறு எட்டுப் பின்னல்களாகப் பின்னி, வேருக்கு அருகில் தளர்வாகத் தொடங்கி, நுனியைப் பழைய பருத்திச் சேலையின் கிழித்த துண்டில் சுற்றி முடிச்சு போடுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் ஒரு மணிநேரத்தில் நேராகிவிடும். தண்ணீர் பட்டால் கலைகிற வளைவு இது. மேலே உள்ள சுருளுக்கு ஈரம் பட்டால் அது திரும்ப வரும், கீழே உள்ளதற்கு வராது. சீப்பு போடாமல் விரலால் பிரியுங்கள்.

போர் தண்ணிதான். எண்ணெய் வைக்கலாமா? சீயக்காய்?

எண்ணெய் வைக்கலாம், ஆனால் குளிப்பதற்கு முன். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் கொஞ்சம் இறங்கி, நனைந்தால் ஊதுவதையும் புரதம் போவதையும் குறைக்கிறது. குளிப்பதற்கு இரண்டு மணிநேரம் முன் நீளம் முழுக்கத் தடவுங்கள், சந்திக்குக் கொஞ்சம் கூடுதலாக. மினரல் ஆயில் இந்த வேலையைச் செய்யாது, மேலே வழுக்கும், அவ்வளவுதான்.

சீயக்காயை அரைத்துச் சலிக்காமல் தேய்த்தால் பொடி சந்தியில் உரசும். காய்ச்சி வடிகட்டிய நீராகப் போடுங்கள். உப்புத் தண்ணீர் ஊரானால் கடைசி ஒரு சொம்பு மட்டும் மழைநீர், இல்லை குடிநீர். குளித்ததும் டர்க்கி டவலைச் சுற்றித் தேய்க்காமல் மெல்லிய ஈரிழைத் துண்டால் ஒத்தியெடுங்கள். சிக்கெடுப்பதென்றால் கண்டிஷனர் வழுக்கலாக இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே. சந்திக்கு மேலே ஒரு கையால் பிடித்துக்கொண்டால் சீப்பின் இழுப்பு அங்கே போகாது.

வேர் வளருது, ஆனா பள்ளிக்கூடத்துல இருந்த சுருள் மாதிரி இல்லையே? கோணல்மாணலா வருது.

முதல் நாலைந்து செ.மீ. யாருக்கும் அழகாக இருக்காது. கீழே தொங்குகிற கனம் இழுத்துக்கொண்டிருப்பதால் அரைச்சுருளாகத்தான் தெரியும். வால் போன பிறகு எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பருவம், பிரசவம், தைராய்டு என்று காரணம் பல இருக்கலாம், சுருளின் அளவு வயதோடு மாறுவதும் உண்டு. உச்சியில் அலை, பிடரியில் ஸ்பிரிங் என்று ஒரே தலையில் இரண்டு மூன்று வகை இருப்பதும் சாதாரணம்.

நடுவுல ஒரே ஒரு தடவை, ஒரு விசேஷத்துக்கு, டச்சப் பண்ணிக்கட்டுமா?

பண்ணினால் அன்றைக்குப் புது வேர் எத்தனை செ.மீ. இருந்ததோ அத்தனையும் போய்விடும், கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய சந்திக்குப் பக்கத்திலேயே கிரீம் படுவதால் முடி அங்கேயே அறுந்து விழவும் வாய்ப்பு அதிகம். அந்த ஒரு நாளுக்கு வேண்டுமானால் ஒரு ஹேர்பேண்டும் கொண்டையும் போட்டுக்கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் நானே செய்துவிடுகிறேன்.